"என் மேனேஜர் எந்த டிசைனைக் காட்டினாலும் 'மேக் இட் பாப்' என்கிறார். எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால், 'அது உனக்கே தெரியணும்' என்கிறார். இதை எப்படிச் சமாளிப்பது?"

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுத்துக்கு நிழல், ஓரத்தில் ஒளிவட்டம், பின்னணியில் இன்னொரு நிறம் என்று சேர்த்துக்கொண்டே போயிருப்பீர்கள். அவரும் "இன்னும் வரல" என்றே சொல்லிக்கொண்டிருப்பார். திருநெல்வேலியில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், இது எங்களுக்கு அன்றாடப்பாடு. எங்கள் முதலாளி அண்ணாச்சி சொல்வது "எடுப்பாவே இல்லியே டே" என்பது. வார்த்தைதான் வேறு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பாஸுக்கு ரசனை கிடையாது, வேலையை மாத்து" என்று இங்கே பலர் எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டிசைன் படிக்காதவருக்கும் கண் இருக்கிறது. எங்கேயோ இடிக்கிறது என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்கே இடிக்கிறது என்று சொல்லத்தான் அவரிடம் வார்த்தை இல்லை. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை, அதற்குத்தான் சம்பளம்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பனங்கருப்பட்டி விற்கும் ஒரு சிறு வியாபாரிக்கு அரைக்கிலோ பாக்கெட். பழுப்புக் காகிதப் பை, அதன் மேலேயே நேரடி அச்சு. வேலையை விட்டுப் போனவர் பாதியில் விட்ட டிசைன் என் கைக்கு வந்தது. நடுவில் பனைமரம், கீழே கருப்பட்டிப் படம், மஞ்சள் எழுத்தில் பொருளின் பெயர், அதே அளவில் பிராண்டு பெயர், "பாரம்பரிய சுவை", "ரசாயனம் இல்லை" என்று இரண்டு வட்ட முத்திரைகள். மாதிரி அச்சை அண்ணாச்சி கையில் வாங்கினார், ஒரு திருப்புத் திருப்பினார், "எடுப்பா இல்ல, கொஞ்சம் பாப் ஆகணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் "என்ன மாத்தணும் அண்ணாச்சி?" என்று கேட்டால் பதில் வராது. அது நம்மிடம் இருக்க வேண்டிய பதில். அவரால் பதில் சொல்ல முடிந்த கேள்வியைத்தான் கேட்க வேண்டும். நான் இரண்டு கேட்டேன். "இதைப் பாத்ததும் கண்ணு முதல்ல எங்க போகுது?" பைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனவர் கொஞ்சம் தயங்கி, முத்திரையைக் காட்டினார். "எங்க போகணும்?" யோசிக்கவே இல்லை. "கருப்பட்டின்னு தெரியணும்லா? இவன் பேரு யாருக்குத் தெரியும்?" இந்த ஒரே பதிலில் பாதி வேலை முடிந்தது. பிராண்டு பெயர் புதிது, பொருளின் பெயர்தான் விற்கும். ஆனால் டிசைனில் இரண்டும் ஒரே உயரம், இரண்டையும் முத்திரைகள் அமுக்கிக்கொண்டிருந்தன.

அடுத்து, பையைத் திரையில் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்து மளிகைக்கடை அலமாரியில் மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்து, வாடிக்கையாளர் நிற்கும் ஐந்தடி தூரத்தில் இருந்து செல்போனில் ஒரு படம் எடுத்தேன். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். பெயர் காணாமல் போயிருந்தது. உங்கள் டிசைனுக்கும் இதைச் செய்து பாருங்கள். ஃபோட்டோஷாப் என்றால் நகல் கோப்பில் `Image > Mode > Grayscale` போங்கள். `Ctrl+Shift+U` வேண்டாம், அது ஏமாற்றும். முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் அது ஒரே சாம்பலாகக் காட்டும், நம் கண்ணுக்கோ மஞ்சள் எவ்வளவோ வெளிச்சமான நிறம்.

பெயர் ஏன் காணாமல் போனது? எடுப்பாகக் காட்டும் விஷயத்தில் நிறத்தை விட வெளிச்ச வேறுபாடுதான் முக்கியம். பை காகிதத்தின் நிறம் கிட்டத்தட்ட `#B98B5B`. எழுத்து `#E0A030`, நல்ல மஞ்சள். இரண்டு நிறங்களின் வெளிச்ச வேறுபாட்டை அளக்கும் கான்ட்ராஸ்ட் செக்கர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதில் இந்த இரண்டையும் போட்டால் 1.3:1 என்றுதான் வரும். இணையப் பக்கங்களில் சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்க வேண்டும் என்பது விதி. பாக்கெட்டுக்கு அந்த விதி கிடையாது, ஆனால் கண் அதே கண்தானே.

அச்சில் இது இன்னும் மோசமாகும். அச்சகத்தில் ஓடும் நான்கு வண்ண மை ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் இருக்கும் காகிதம் வெள்ளையாக இருந்தால்தான் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். பழுப்புக் காகிதத்தில் அடித்தால் அடியில் உள்ள பழுப்பும் சேர்ந்து, மஞ்சள் சேறு பூசியதுபோல் ஆகிவிடும். திரையில் பளபளத்த டிசைன் அண்ணாச்சி கையில் மங்கிப்போனதற்கு இதுதான் காரணம். திரையில் எத்தனை முறை மஞ்சளை ஏற்றினாலும் சரியாகாது. வெள்ளை மையை முதலில் அடித்து அதன் மேல் நிறம் அடிக்க வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால், வெறும் பையை வாங்கி கிரோமோ என்னும் வழவழப்பான வெள்ளை ஸ்டிக்கர் காகிதத்தில் அச்சடித்து ஒட்ட வேண்டும். குறைந்த எண்ணிக்கைக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகும், நாங்களும் அதையே செய்தோம். ஸ்டிக்கரில் அடர் பழுப்புப் பட்டை, `#3E2010`. அதன் மேல் எழுத்து `#FFF8E1`, காகிதத்தின் வெள்ளையே ஏறக்குறைய எழுத்தாக நிற்கும். இந்த ஜோடிக்கு 14:1 வரை வரும். பையிலேயே அடித்துத்தான் ஆக வேண்டும், வெள்ளை மையும் இல்லை என்றால், மஞ்சளை மறந்துவிட்டு அதே அடர் பழுப்பை நேரடியாக எழுத்துக்குப் போடலாம், அதற்கே 5:1 அளவுக்குக் கிடைக்கும்.

பிறகு அளவு. பழைய டிசைனில் எழுத்து 7 மி.மீ. உயரம். பெயர்ப் பலகை எழுதுபவர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், ஓர் அங்குல எழுத்து பத்தடி வரை நன்றாகப் படிக்கும் என்று. அந்தக் கணக்கில் 7 மி.மீ. எழுத்துக்கு மூன்றடி கூடத் தேறாது. ஐந்தடிக்கு 13 மி.மீ. வேண்டும். "பனங்கருப்பட்டி" ஒன்பது எழுத்து, 9 செ.மீ. அகல ஸ்டிக்கரில் ஒரே வரியில் அந்த உயரத்துக்கு வராது. தமிழில் வேலை செய்பவர்களுக்கு எப்போதும் வரும் சிக்கல் இது. சொல் நீளம், எழுத்து அகலம். பக்கவாட்டில் நசுக்குவதுதான் எல்லாரும் செய்வது, ஆனால் நசுக்கினால் எழுத்து மெலிந்து, பெரிதாக்கியதன் பலன் போய்விடும். நான் "பனங்" என்று மேலே சிறிதாகவும், "கருப்பட்டி" என்று கீழே முழு அகலத்துக்கும் பிரித்தேன். "கருப்பட்டி" 13 மி.மீ. உயரத்தில் உட்கார்ந்தது. பிராண்டு பெயரை 6 மி.மீ.க்கு இறக்கினேன். முதல் விஷயம் இரண்டாவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தால்தான் கண் முடிவெடுக்கும். ஒன்றரைக்குக் கீழே போனால் இரண்டும் சண்டை போடும். முத்திரைகள் பின்பக்கம் போயின.

எழுத்தைச் சுற்றி ஓரக்கோடு போட்டு எடுப்பாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தமிழ் எழுத்தில் கவனம் தேவை. "ண", "ழ", "கி" போன்றவற்றின் சுழிக்குள்ளே இருக்கும் இடைவெளிதான் எழுத்தை எழுத்தாகக் காட்டுவது. தடித்த ஓரக்கோடு அந்தச் சுழியை அடைத்துவிடும், சின்ன அளவில் புள்ளிகூட பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி காட்டும் முறை. மொத்தமாக மாற்றி ஒரே டிசைனாகக் கொண்டுபோகவில்லை. நிஜ அளவில் அச்செடுத்த மூன்று தாள்கள். முதலாவது பழையது. இரண்டாவதில் அளவு மட்டும் மாறியிருந்தது, மூன்றாவதில் அளவோடு பட்டையும் வெளிச்சமும். மூன்றையும் சுவரில் ஒட்டி அண்ணாச்சியை வாசலில் நிற்கச் சொன்னேன். படிப்படியாக ஒவ்வொன்றாக மாறும்போது, எந்த மாற்றம் வேலை செய்தது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவர் மூன்றாவதைக் காட்டி, "இது இருக்கட்டும், ஆனா மரம் வேணும்" என்றார். மரத்தைப் பட்டைக்கு மேலே ஒற்றை நிறக் கோட்டோவியமாக வைத்தேன். அன்றைக்கே வாட்ஸ்அப்பில், "பெயர் 13 மி.மீ., அடர் பழுப்புப் பட்டை, வெள்ளை ஸ்டிக்கர், முத்திரை பின்பக்கம். இதையே அச்சுக்கு அனுப்பட்டுமா அண்ணாச்சி?" என்று எழுதி, சரி என்ற பதிலை வாங்கிவிட்டேன். இதைச் செய்யாவிட்டால் அடுத்த வாரம் புதிதாக ஒரு "பாப்" கிளம்பும்.

நடுவே ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். லோகோ அனுப்புங்கள் என்றால் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்புகிறார்கள். அது சுருங்கி, ஓரம் சிதைந்து வருகிறது. நாங்கள் உட்கார்ந்து கோடு கோடாகத் திரும்ப வரைகிறோம், அதற்குக் காசு கிடையாது. வேலை முடிந்ததும் மூல கோரல் கோப்பையும் சும்மா கொடுக்கச் சொல்கிறார்கள், அதை இன்னொருவரிடம் கொடுத்து அடுத்த பாக்கெட்டை மலிவாகச் செய்துகொள்ள. டாக்குமெண்டாக அனுப்பினால் லோகோ சுருங்காது. மூலக் கோப்புக்குத் தனி விலை என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. "டல்லா இருக்கு" என்றால் நான் வெளிச்ச வேறுபாட்டைப் பார்ப்பேன், "கசகசன்னு இருக்கு" என்றால் ஒரே அளவில் எத்தனை விஷயம் நிற்கிறது என்று எண்ணுவேன், "ரிச்சா இல்ல" என்றால் ஓர இடைவெளியையும் நிறங்களின் எண்ணிக்கையையும். ஆனால் சில நேரம் குறை டிசைனிலேயே இருக்காது. இதே பாக்கெட்டில் கருப்பட்டிப் படத்தை வியாபாரி டியூப்லைட்டுக்குக் கீழே செல்போனில் எடுத்திருந்தார். கருங்கல் மாதிரி இருந்தது. எழுத்தும் பட்டையும் சரியான பிறகும் அந்த மூலை மட்டும் செத்துக் கிடந்தது. ஒரு கருப்பட்டியை உடைத்து, உடைந்த பக்கம் தெரிய, காலையில் சன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மறுபடி எடுத்தோம். உள்ளே இருக்கும் பொடிப்பொடியான மணல் தன்மையும் தேன் நிறமும் அப்போதுதான் தெரிந்தன. உங்கள் டிசைனில் படம் இருந்தால், எழுத்தையும் நிறத்தையும் தொடும் முன் அந்தப் படத்தைத் தனியாகத் திறந்து பாருங்கள். படமே மங்கல் என்றால் மேனேஜரிடம் போய், "இந்த ஒரு படத்தை மட்டும் திரும்ப எடுக்க அரை நாள் வேண்டும்" என்று கேளுங்கள்.