விடியற்காலைக் கனவில் தோற்ற நேர்முகத் தேர்வு

கேள்வி: நான் மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். வயது 27. கூட்டுறவு வங்கி உதவியாளர் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். தை கடைசியில் நேர்முகத் தேர்வு. மார்கழி பிறந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரே கனவு. தேர்வு அறைக்குள் போகிறேன், நடுவில் எங்கள் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். சான்றிதழ்க் கோப்பைத் திறந்தால் உள்ளே ஆலையின் எடைச் சீட்டுகள். “மூட்டைக் கணக்கே வராத நீ பேங்குக்கு வந்துட்டியா?” என்று எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். பேச வாயெடுத்தால் குரல் வரவில்லை. நாலரை மணிக்கு வியர்த்து எழுந்துவிடுகிறேன். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று அம்மா பயப்படுகிறார். தோழி கொடுத்த படபடப்பு மாத்திரையை, புரோப்ரனலால் என்று போட்டிருக்கிறது, ராத்திரியில் போட்டுப் பார்த்தேன். கனவு கூடியதே தவிரக் குறையவில்லை. தேர்வுக்குப் போகாமலே இருந்துவிடலாமா?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தேர்வுக்குப் போங்கள். எழுத்துத் தேர்வில் தேறிய ஒருவரைத் தடுத்து நிறுத்தும் தகுதி இந்தக் கனவுக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

உங்கள் அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விடியற்காலைக் கனவு மற்றக் கனவுகளைப் போன்றதன்று. அது நீளமானது, தெளிவானது, விழித்த பின்னும் மனத்தில் நிற்பது. நாம் தூங்கும்போது ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை, மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் ஓர் உறக்க நிலை வந்துபோகிறது. ரெம் உறக்கம் எனப்படும் இந்த நிலையில்தான் கதைபோல விரியும் கனவுகள் பெரும்பாலும் வருகின்றன. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும் இது, ஒவ்வொரு சுற்றிலும் நீண்டு, விடியும் தறுவாயில் அரை மணி நேரம் வரைகூடப் போகும். அந்த நேரத்தில் யாராவது எழுப்பிவிட்டால் கனவு அப்படியே கையோடு வந்துவிடுகிறது. மார்கழியில் நம் ஊர்க் கோயில் ஒலிபெருக்கி நாலரைக்குப் பாடத் தொடங்குவதையும், உங்கள் கனவு மார்கழி பிறந்ததிலிருந்து தொடங்கியதையும் சேர்த்துப் பாருங்கள். இதே கனவு ஐப்பசியிலும் வந்திருக்கலாம்; தூக்கம் கலையாததால் நினைவில் நிற்காமல் போயிருக்கலாம். குரல் வராமல் போனதற்கும் ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. ரெம் உறக்கத்தில், கண்களையும் மூச்சையும் இயக்கும் தசைகள் தவிர, உடலின் தசைகள் பெரும்பாலும் தளர்ந்து செயலற்றிருக்கும். கத்த முடியாமலும் ஓட முடியாமலும் தவிக்கும் கனவுகள் அதனால் எழலாம் என்று கருதுகிறார்கள். தேர்வு அறையில் உங்கள் தொண்டை என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பலிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்சில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய மாணவர்களிடம் இசபெல் அர்னுல்ஃப் என்ற உறக்கவியல் மருத்துவரும் அவர் குழுவினரும் கேட்டறிந்து 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதிலளித்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் தேர்வுக்கு முந்தைய இரவு அந்தத் தேர்வையே கனவில் கண்டிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாமதமாகப் போவது, விடை மறப்பது போன்ற கெட்ட கனவுகள். ஆனால் தேர்வைப் பற்றிக் கனவு கண்டவர்களே காணாதவர்களைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். கெட்ட கனவு கண்டால் வேலை கிடைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அக்கறையோடு தயாராகிறவர் மனத்தில் தேர்வு இரவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். அம்மாவின் நிம்மதிக்காகக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்தால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பரிகாரம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால்தான் ஆட்சேபம்.

இனி, அந்தக் கனவை என்ன செய்வது? திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவைப் பகலில் மாற்றி எழுதி ஒத்திகை பார்ப்பது என்று ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் பேரி கிராக்கோவும் அவர் குழுவினரும் பாலியல் வன்முறையின் பாதிப்பிலிருந்து மீளாமல் தவித்த பெண்களிடம் இதைச் சோதித்து, கொடுங்கனவுகள் குறைவதை 2001-ல் காட்டினார்கள். அவர்களுடைய துன்பத்தோடு ஒப்பிட்டால் உங்களுடையது எளிய கனவு; வீட்டிலேயே முயன்று பார்க்கலாம்.

பகலில், ஆலைச் சாப்பாட்டு இடைவேளையிலோ மாலையிலோ, ஒரு தாளில் கனவை நிகழ்காலத்தில் ஒரே ஒரு முறை எழுதுங்கள். பிறகு அதில் எந்த இடத்தில் வயிறு இறுகத் தொடங்குகிறது என்று பாருங்கள். உங்கள் கனவில் அது முதலாளி திட்டும் இடம் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கோப்பைத் திறக்கும் இடம்தான். மாற்றத்தை அங்கேயே, திட்டு தொடங்குவதற்கு முன்பே, செய்ய வேண்டும். எப்படி மாற்றுவது என்பது உங்கள் விருப்பம். ஒரு மாதிரிக்காக எழுதுகிறேன்.

“கோப்பைத் திறக்கிறேன். மேலே ஓர் எடைச் சீட்டு இருக்கிறது. அதை எடுத்து மேசை ஓரமாக வைக்கிறேன். அதன் அடியில் பட்டச் சான்றிதழ் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை விரலில் வழுவழுப்பாகப் படுகிறது. நடுவில் இருப்பவர் ஏதோ கேட்கிறார். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ‘ஐயா, கேள்வியை இன்னொரு முறை சொல்ல முடியுமா?’ என்கிறேன். ஓரத்தில் இருக்கும் அம்மையார் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்துகிறார். ஒரு வாய் குடித்துவிட்டுப் பதில் சொல்லத் தொடங்குகிறேன்.”

இதில் நீங்கள் யாரையும் வெல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். முதலாளியை எதிர்த்துப் பேசி வாயடைப்பதாகவும், மாலை மரியாதையோடு வேலை கிடைப்பதாகவும் எழுதிக்கொள்கிறார்கள். சண்டையைக் கற்பனை செய்தால் படபடப்பு ஏறுகிறது. மாலை மரியாதையை மனம் நம்புவதில்லை. நடக்கக்கூடிய ஒரு சிறு மாற்றம் போதும். எழுதிய பிறகு பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிய கனவை மட்டும் நாள்தோறும் 10 முதல் 20 நிமிடங்கள், விரலில் படும் உறை வரை, கண்முன் கொண்டுவந்து பாருங்கள். பழையது குறுக்கே வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். ஒத்திகை பார்க்கப் பார்க்கப் பயம் ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரங்களில் பலன் தெரியத் தொடங்கலாம், ஆனால் நீங்கள் எழுதியபடியே கனவு வரும் என்று காத்திருக்காதீர்கள். அப்படி வருவது அரிது. வாரத்தில் நான்கு நாள் வந்தது இரண்டு நாளாவது, வந்தாலும் மீண்டும் தூங்க முடிவது, கனவுக்குள் நடுவில் இருப்பவரின் முகம் மங்குவது ஆகியவையே முன்னேற்றத்தின் அடையாளங்கள். காலண்டரில் கனவு வந்த நாளுக்கு ஒரு புள்ளி வைத்துவந்தால் போதும். இடையில் நாலரைக்கு விழித்தால் படுத்தபடியே கனவை அலசாதீர்கள். எழுந்து முகம் கழுவி, வாசலில் கோலம் போடும் அம்மாவோடு போய் நில்லுங்கள்.

ஒன்றை மட்டும் நான் ஊகமாகச் சொல்கிறேன். கனவில் அந்த வசவு பொதுவானதாக இல்லை. மூட்டைக் கணக்கு என்று குறிப்பாக வருகிறது. ஆலையில் உண்மையாகவே எடை வித்தியாசம் ஒன்று தீராமல் கிடக்கிறதா? இருந்தால் அதைப் பகலிலேயே தீர்த்துவிடுங்கள். உதாரணத்துக்கு, 17 சதவீத ஈரப்பதத்தில் வாங்கிய 1,000 கிலோ நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால், யாரும் ஒரு பிடி எடுக்காமலே சுமார் 35 கிலோ குறைந்துவிடும். நெல்லில் நீர் போக உள்ள 830 கிலோவை, காய்ந்த நெல்லில் நீர் போக உள்ள பங்கான 0.86-ஆல் வகுத்தால் 965 கிலோ வருகிறது. மீதி காற்றோடு போன ஈரம். வாங்கிய அன்றைய ஈரப்பதத்தை எடைச் சீட்டிலேயே குறித்து, காய்ந்த பிறகு இப்படி ஒரு வரி கணக்கெழுதி முதலாளியின் மேசையில் வைத்தால், அவர் கேட்பதற்கு முன்பே பதில் இருக்கும். பயிர்க்கடன் கொடுக்கும் வங்கியின் நேர்முகத் தேர்வில் ‘இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கும் இது மிக நல்ல பதில். கனவில் உங்களை வெட்கப்படுத்திய எடைச் சீட்டை நேரில் பெருமையோடு பேசலாம்.

அந்தப் பதிலை மனத்துக்குள் அல்ல, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவோ பழைய ஆசிரியரோ இரண்டு பேர் உட்காரட்டும். உங்களுக்குத் தெரியாத கேள்வி ஒன்றை வேண்டுமென்றே கேட்கச் சொல்லுங்கள். ‘தெரியவில்லை ஐயா’ என்று நிமிர்ந்து சொல்வதைத்தான் அதிகமாகப் பழக வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது அங்கேதான்.

கடைசியாக மாத்திரை. புரோப்ரனலால் கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் குறைப்பதற்காக மருத்துவர்கள் தருவதுதான். ஆனால் அது மூளைக்குள் எளிதில் செல்லும் மருந்து. தெளிவான, பயங்கரமான கனவுகள் அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. மாத்திரைக்குப் பிறகு கனவு கூடியது என்று நீங்கள் எழுதியதில் எனக்கு வியப்பில்லை. ஆஸ்துமா இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம். எப்போதாவது ஒன்றிரண்டு போட்டதாக இருந்தால் இனித் தொட வேண்டாம். நாள்தோறும் வாரக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேட்டுக் குறையுங்கள்.

மூன்று வாரம் ஒத்திகை பார்த்தும் புள்ளிகள் குறையாவிட்டாலும், தூங்கவே பயமாக இருந்தாலும், பகலிலும் மனம் சோர்ந்து வேலை ஓடாவிட்டாலும், திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஆலையில் உண்மையாகவே யாராவது உங்களை அவமானப்படுத்தி வந்தால் அதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குக் கனவை மாற்றி எழுதுவது மருந்தாகாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணமின்றி எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.