மாதம் பாதியில் பிளானை ஏற்றினால் பில் எப்படி வரும்?

சுங்கை சிப்புட் தோட்டப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கேள்விகள். நான் ஓர் இணைய நிறுவனத்தின் பில் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள்.

“அக்கா, 90 வெள்ளி பிளானை ஜூன் 21-ல் 150 வெள்ளிக்கு மாத்தினேன். ஜூலை பில் 180.20! ஏமாத்திட்டாங்களா?”

இல்லை தம்பி, பில் சரி. ஜூன் மாதத்துக்கான 90 வெள்ளியை முன்கூட்டியே கட்டிவிட்டீர்கள். அதில் 21 முதல் 30 வரை, 10 நாளைக்குப் பழைய பிளான் ஓடவில்லை. நாளுக்கு 3 வெள்ளி வீதம் 30 வெள்ளி உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். அதே 10 நாளைக்குப் புது பிளான் நாளுக்கு 5 வெள்ளி, ஆக 50. கழித்தால் நீங்கள் கூடுதலாகத் தர வேண்டியது 20 வெள்ளிதான்.

அப்புறம் ஏன் பில் இவ்வளவு? ஜூலைக்கான 150 வெள்ளியும் இதே பில்லில் சேர்ந்துவிட்டது. மொத்தம் 170, அதற்கு 6 விழுக்காடு சேவை வரி 10.20. ஆகஸ்டில் 159-க்கு இறங்கிவிடும்.

ஒன்றை மட்டும் பாருங்கள்: பில்லில் கழித்தல் குறியோடு 30 வெள்ளி என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி விடுபட்டால் பில் 212 ஆகியிருக்கும். என்னிடம் வந்த புகார்களில் உண்மையான தவறு பெரும்பாலும் அங்கேதான் இருந்தது. அப்படி வந்தால் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

“எப்பவும் 30-ஆல வகுத்தா போதும்தானே? நானும் 60 வெள்ளி கூடுன பிளானுக்குத்தான் மாறினேன், 10 நாள் பாக்கி. 20-க்குப் பதிலா 19.35 வந்துருக்கு. என் பில் 8-ஆம் தேதி தொடங்கும்.”

வழி சரி அண்ணே, வகுக்கும் எண்தான் வேறு. ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 7 வரை எண்ணிப் பாருங்கள், 31 நாள் வரும். காலண்டர் மாதத்தை விட்டுவிட்டு, பில்லில் போட்டிருக்கும் தேதிகளை எண்ண வேண்டும்.

“என் மருமகன் பிரீபெய்டு வாரப் பாஸைப் பாதியில மாத்துனான். மிச்சக் காசு எங்கம்மா?”

ஐயா, அது வேறு கணக்கு. முன்பணமாக வாங்கும் பாஸில் மிச்ச நாளுக்குப் பொதுவாகக் கழிவு கிடையாது. முடிந்த பிறகு மாற்றச் சொல்லுங்கள்.

“மாத்துன நாள் பழைய பிளான்லயா, புதுசுலயா?”

இதற்கு ஒரே பதில் இல்லை. சில நிறுவனங்கள் அந்த நாளைப் புதியதில் சேர்க்கும், சில மறுநாளிலிருந்து எண்ணும், சில நொடிக்கணக்கில்கூடப் பிரிக்கும். முதல் தம்பியின் கணக்கில் இந்த ஒரு நாளின் வித்தியாசம் 2 வெள்ளி. மாற்றச் சொன்ன நாளும் வேகம் கூடிய நாளும் வேறாக இருந்தால், வேகம் கூடிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் அலுவலகத்திலேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள்.