நின்ற கார் ஓடுவதுபோல் தெரிய: மங்கலின் நீளமும் சக்கரத்தின் சுழற்சியும்

கேள்வி: நிறுத்தி வைத்த காரைப் பக்கவாட்டில் எடுத்தேன். ஃபோட்டோஷாப்பில் காரை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் Motion Blur 400 கொடுத்தேன். காரைச் சுற்றி அதன் சிவப்பு நிறம் ஒழுகியதுபோல் தெரிகிறது. கார் ஓடுவதாகவும் தோன்றவில்லை. எங்கே தவறு?

பதில்: நிறம் ஒழுகுவதற்குக் காரணம், நீங்கள் மங்கலாக்கிய லேயரில் கார் இன்னும் இருப்பதுதான். Motion Blur ஒவ்வொரு பிக்சலையும் அதன் இடவலப் பிக்சல்களோடு கலந்து சராசரியாக்குகிறது. எனவே பம்பருக்கு அருகிலுள்ள சாலையிலும் செடியிலும் காரின் சிவப்பு கலந்துவிடுகிறது. முதலில் படத்தை இரண்டு லேயராக்கி, மேல் லேயரில் காரை மட்டும் வெட்டி வையுங்கள். கீழ் லேயரில் காரை அதன் விளிம்பைச் சற்றுத் தாண்டித் தேர்ந்து, Content-Aware Fill கொண்டு அழித்த பிறகே மங்கலாக்குங்கள். நிரப்பிய இடம் அலங்கோலமாக இருந்தாலும் கவலையில்லை, மங்கல் அதை விழுங்கிவிடும். ஆனால் சாலையோரக் கோடு, சுவரின் மேல்விளிம்பு போன்ற கிடைக்கோடுகள் மங்கலின் திசையிலேயே ஓடுவதால் அழியாமல் நிற்கும். நிரப்பிய இடத்தில் அவை உடையவோ வளையவோ கூடாது. Angle மதிப்பும் அந்தக் கோட்டின் சாய்வோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு பாகை விலகினாலே கோடு தடித்துப் பட்டையாகிவிடும்.

ஓட்டம் தோன்றாததற்குக் காரணம் வேறு: பின்னணி பறக்கும்போது சக்கரம் அசையாமல் நிற்கிறது. உங்கள் படத்தில் 4 மீட்டர் நீளக் கார் 3000 பிக்சல் அகலத்தில் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு மீட்டர் என்பது 750 பிக்சல். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை 1/60 நொடி ஷட்டரில் பேனிங் செய்தால், அதாவது காரைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பியபடி எடுத்தால், அந்த நேரத்துக்குள் கார் ஏறக்குறைய 18.5 செ.மீ. நகர்ந்திருக்கும், அதாவது 140 பிக்சல்; பின்னணி மங்க வேண்டிய நீளமும் அதுவே. நீங்கள் கொடுத்த 400, அதே ஷட்டரில் மணிக்கு சுமார் 115 கி.மீ. வேகத்தைக் குறிக்கிறது. நின்ற இடத்திலிருந்து கேமராவைத் திருப்பி எடுக்கும் உண்மையான பேனிங்கில், அருகிலுள்ள சாலையும் தொலைவிலுள்ள மரமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் மங்கும். ஆகவே முன்புறச் சாலைக்குக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. பலர் அப்படித் தந்து படத்தைக் கெடுக்கிறார்கள்.

கார் 18.5 செ.மீ. உருண்டால் சக்கரமும் தன் ஓரத்தில் அதே நீளம் சுழன்றாக வேண்டும். மங்கலின் நீளத்தைச் சக்கர ஆரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் சுழற்சிக் கோணம் கிடைக்கும். டயரோடு சேர்த்து ஆரம் 225 பிக்சல் என்றால், 140-க்கு ஏறத்தாழ 36 பாகை. Spin Blur வட்டத்தை அச்சின் நடுவில் பொருத்தி, டயரின் ஓரம் வரை விரித்து, Blur Angle-ஐ அந்த மதிப்பில் தொடங்குங்கள். ஐந்து கால்கள் கொண்ட அலாய் சக்கரத்தில் கால்களுக்கு இடையே 72 பாகை இருப்பதால், அவை பாதி இடைவெளி வரை இழுபட்டு விசிறிபோல் தெரியும், முற்றிலும் கரைந்துவிடாது. கால்களுக்கிடையே பிரேக் காலிப்பர் தெரிந்தால், அது சுழலாத உறுப்பு என்பதால் அதைக் கூர்மையாக மீட்டுவிடுங்கள். மட்கார்டின் விளிம்பும் சுழற்சிக்குள் சிக்கக் கூடாது.

அடுத்தது நிழல். காரோடு நிழலும் நகரும் என்பதால், பேனிங்கில் அது காரைப் போலவே தன் இடத்தில் நிற்கும். கீழ் லேயரோடு சேர்த்து மங்கலாக்கினால் நிழல் முன்னும் பின்னும் இழுபட்டு, கார் தரையில் ஒட்டாமல் மிதப்பதுபோல் ஆகிவிடும். எனவே காரோடு நிழலையும் அழித்துவிட்டு, மங்கிய சாலைக்கு மேல் தனி லேயரில் Multiply முறையில் மென்மையான கருந்தூரிகையால் அதைத் திரும்ப வரையுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் நிழல் மிக இருண்டிருக்க வேண்டும்.

கண்ணாடி வழியே தெரியும் மறுபுறக் காட்சியும் மங்க வேண்டும். அந்த இடத்தை மேல் லேயரின் மாஸ்க்கில் சாம்பல் நிறமாக்கினால், கண்ணாடியின் பளபளப்பு பாதி நிற்க, மங்கிய பின்னணி ஊடே தெரியும். சைக்கிளுக்கு இதே வேலை பல மடங்கு கடினம், ஏனெனில் ஒவ்வொரு ஸ்போக்குக்கும் இடையே பின்னணி தெரிகிறது. தவிர, ஸ்டாண்டையும் அழிக்க வேண்டும்.

இவ்வளவும் பக்கவாட்டுப் படத்துக்கே பொருந்தும். முன்பக்கம் சாய்வாகத் தெரியும் படத்தில் சக்கரம் நீள்வட்டமாகிவிடும்; காரின் முன்முனையும் பின்முனையும் கேமராவிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருப்பதால், உண்மையான பேனிங்கில் காரின் ஒரு முனைகூடச் சற்று மங்கியிருக்கும். அத்தகைய படத்தில் இந்த முறையை நான் பயன்படுத்துவதில்லை. மறுபடி எடுக்க வாய்ப்பிருந்தால், முன்சக்கரங்களை நேராக்கி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை அமர்த்தி, வெறும் சுவருக்குப் பதிலாக மரங்களோ கம்பங்களோ உள்ள இடத்தில் நிறுத்துங்கள். நிமிர்ந்து நிற்பவை இல்லாத பின்னணியில் 140 பிக்சல் மங்கல் கொடுத்தாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது.