முதல் கடிதத்தில் ‘நான்’ போதுமா, ‘நாங்கள்’ வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் தனியாளாகக் கடைப் பொருட்களைப் படமெடுத்து விலைப்பட்டியல் வடிவமைத்துத் தருகிறேன். வேலை கூடினால் சித்தப்பா மகன் லைட் பிடிக்க வருவான். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடைகளுக்கு முதன்முறையாக எழுதப் போகிறேன். ‘நான்’ என்று எழுதினால் சின்ன ஆள் என்று ஒதுக்கிவிடுவார்களோ, ‘நாங்கள்’ என்று எழுதினால் பொய்யாகிவிடுமோ?

பதில்: ஒருமையிலேயே எழுதுங்கள் என்பது என் பரிந்துரை. நேர்மை இதற்கு ஒரு காரணம் என்றாலும், அதைவிட முக்கியமான காரணம், ‘நாங்கள்’ என்று படிக்கும் வியாபாரி அதிலிருந்து இரண்டு வாக்குறுதிகளைத் தாமாகவே எடுத்துக்கொள்வார் என்பதுதான். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் வந்து வேலையை முடிப்பார் என்பது ஒன்று. ஒரே நாளில் இரண்டு கடைகளில் வேலை நடக்கும் என்பது மற்றொன்று. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பாகப் பட்டியல் கைக்கு வரவேண்டும் என்று அவர் கணக்குப் போடுவது இவற்றை நம்பித்தான். லைட் பிடிக்க வரும் தம்பியால் இரண்டில் ஒன்றையும் நிறைவேற்ற முடியாது. அவரே கேமராவை எடுத்துச் சென்று, பித்தளையில் சுற்றுப்புறம் பிரதிபலிக்காமல் ஒரு விளக்கைப் படமெடுத்து வரக்கூடிய நாள் வந்தால், அன்று பன்மைக்கு மாறலாம்.

சட்டம் இதில் உங்களைத் தடுப்பதில்லை. வணிகப் பெயர் வைத்து ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தாலும், தனி உரிமையாளர் தொழில் அந்த உரிமையாளரிலிருந்து வேறான சட்ட நபர் அல்ல. பான் எண்ணும் பொறுப்பும் உங்களுடையவையே. ஆகவே ‘நாங்கள்’ என்று எழுதுவது குற்றமாகாது. ஆனால் அது விரைவில் வெளுத்துவிடும். முன்பணம் அனுப்பும்போது அவருடைய கைபேசித் திரையில் தனிநபர் ஒருவரின் பெயர் தெரியக்கூடும்; படமெடுக்க வருபவரும் நீங்கள், தொலைபேசியை எடுப்பவரும் நீங்கள். “உங்களோடு எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்று அவர் கேட்டுவிட்டால், அதுவரை இல்லாத சந்தேகத்தை உங்கள் கடிதமே உண்டாக்கியிருக்கிறது என்று பொருள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ‘எங்கள் வீடு’, ‘எங்கள் ஊர்’ என்றே பேசிப் பழகிய நமக்கு, வரிக்கு வரி ‘நான்’ வந்தால் செருக்காகத் தோன்றும். அதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது: வினைமுற்று ஆளைக் காட்டிவிடுவதால் எழுவாயை விட்டுவிடலாம். ‘நான் எடுத்துத் தருவேன்’ என்பதைவிட ‘எடுத்துத் தருகிறேன்’ என்பது பணிவாகவும் இருக்கிறது, பொறுப்பையும் மறைக்கவில்லை. இதற்கு மாறாக, ‘படம் எடுத்துத் தரப்படும்’ என்று செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டாம். அது பெயர்ப்பலகை வாசகம், ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் அது யாரோ பேசுவதுபோல் ஒலிக்கும். ‘நமது நிறுவனம்’ என்பதும் வேண்டாம். கடைவாசலில் ‘நம்ம கடை’ என்பது இனிமையாக இருக்கலாம். அறிமுகமில்லாதவருக்கு எழுதுகையில் அவரையும் உட்படுத்தும் அந்தச் சொல் குழப்பத்தையே தரும்.

வழக்கமாக எழுதப்படும் முறை இது: “எங்கள் குழு அனைத்து வகைப் புகைப்படச் சேவைகளையும் வழங்குகிறது. எங்களைத் தொடர்புகொள்ளவும்.” உங்களுக்கு நான் எழுதித் தருவதானால் இப்படி எழுதுவேன்: “ஐயா, வணக்கம். கும்பகோணத்தில் இருந்து பித்தளைப் பொருட்களைப் படமெடுத்து விலைப்பட்டியல் செய்து தருகிறேன். பளபளப்பில் எதிரே நிற்பவரின் நிழல் விழாதபடி, வெள்ளைத் துணித் திரைக்குள் வைத்து எடுப்பது என் முறை. படங்களை எடுப்பதும் பட்டியலை வடிவமைப்பதும் நானே. லைட் அமைக்க ஓர் உதவியாளர் உடன் வருவார். தாங்கள் இசைந்தால் ஒரு விளக்கை மாதிரிக்கு எடுத்துக் காட்டுகிறேன்.” இதில் ‘நானே’ ஒரே இடத்தில்தான் வருகிறது, உதவியாளர் எதற்கு வருகிறார் என்பதும் தெளிவாக இருக்கிறது. தனியாள் என்பதே இங்கே அனுகூலம்: பேசியவரே வந்து செய்வார் என்று கடைக்காரர் அறிந்துகொள்கிறார்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனத்துக்கு விடை வேறு. அங்கே கடிதத்தை அனுப்புபவர் தம் பெயரில் கையொப்பமிட்டு, தாமே செய்தவற்றையும் செய்யப்போவதையும் (‘தங்கள் கடையைப் பார்த்தேன்’, ‘செவ்வாயன்று அழைக்கிறேன்’) ஒருமையிலும், விலை, தவணை, திருத்தம் ஆகிய நிறுவனப் பொறுப்புகளைப் பன்மையிலும் எழுதலாம். இந்த இரண்டும் ஒரே கடிதத்தில் வருவது பிழையன்று. ஒரே செயலுக்கு ஒரு வரியில் ‘அனுப்புகிறேன்’, அடுத்த வரியில் ‘அனுப்புகிறோம்’ என்று வருவதே பிழை. கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால், 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலின் வழக்கமான போக்கில் ஒரு பங்குதாரர் செய்யும் செயல் பொதுவாக நிறுவனத்தையே கட்டுப்படுத்தும் என்பதால், விலையைப் பன்மையில் எழுதும் முன் மற்றவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே ‘நாங்கள்’ என்று சிலருக்கு எழுதியிருந்தால் அதற்காக விளக்கம் அனுப்ப வேண்டியதில்லை. அவர்களுக்கு அனுப்பும் விலைப்புள்ளியில், வேலையைச் செய்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதி, அதன்பின் ஒருமையிலேயே தொடருங்கள்.