பழமொழிப் போட்டித் தாளுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளித் தமிழ் மன்றப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு. பத்துப் பழமொழிகளைப் பொருளோடு கோடு போட்டுப் பொருத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரியில் கையால் விளக்கம் எழுத வேண்டும். இதை எப்படித் திருத்துவது? பொருத்தியது தப்பாகி, விளக்கம் சரியாக இருந்தால் என்ன செய்வது?

நான் தமிழாசிரியர். இந்த மாதிரித் தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். விளக்கத்தை முதலில் படியுங்கள், கோட்டை அப்புறம் பாருங்கள். பிள்ளைக்குப் பழமொழி புரிந்ததா என்பதைச் சொல்வது விளக்கம்தான்.

பத்துக்குப் பத்து என்று சரிசமமாகக் கொடுத்துப் பொருத்தச் சொன்னால், ஏழெட்டு தெரிந்த பிள்ளைக்கு மீதி தானாகவே விழுந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம் என்றால், அந்தத் தாளில் ஒன்பது மதிப்பெண் வாங்கவே முடியாது. ஒன்று தப்பினால் அதன் இடத்தில் இருக்க வேண்டிய இன்னொன்றும் தப்பும். ஒரே ஒரு குழப்பத்துக்கு இரண்டு மதிப்பெண் போகிறது. தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் வலது பக்கத்தில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பொருள்கள் கொடுக்கச் சொல்லுங்கள். அச்சாகிவிட்டது என்றால் பொருத்துவதற்கு ஒரு மதிப்பெண், விளக்கத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் முப்பது.

திருத்த உட்காருவதற்கு முன்னால் விடைக் குறிப்பை நீங்களே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். இரண்டு பழமொழிகள் ஒரே பொருளுக்குப் போகிற மாதிரி வைத்திருப்பார்கள். ‘சிறு துளி பெரு வெள்ளம்’, ‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ இரண்டும் ஒரே தாளில் இருந்து, வலது பக்கத்தில் ‘சிறு முயற்சிகள் சேர்ந்து பெரிய பலன் தரும்’ என்று இருந்தால், எந்தப் பிள்ளையின் கோட்டையும் தப்பு என்று சொல்ல முடியாது. முதலாவது சேர்வதைச் சொல்கிறது, இரண்டாவது விடாமல் மோதுவதைச் சொல்கிறது. ஆனால் குறிப்பு எழுதியவர் அந்த வேறுபாட்டைப் பொருளில் காட்டவில்லையே. அந்த இடத்தில் இரண்டு கோட்டுக்கும் மதிப்பெண் உண்டு என்று முதலிலேயே மற்ற நடுவர்களோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். ஐயம் வந்தால் ஜென்சன் 1897இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பைப் புரட்டிப் பார்க்கலாம். பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கியிருப்பார். எவை எவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கும் என்பது அதில் தெரியும்.

இனி விளக்கம். இரண்டு மதிப்பெண்ணில் ஒன்று, பழமொழியின் நேரடிச் சொற்களை விட்டு வெளியே வந்து கருத்தைச் சொன்னதற்கு. இன்னொன்று, அந்தக் கருத்து பொருந்துகிற ஒரு சூழலைச் சொன்னதற்கு. இந்த இரண்டாவது மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் பொருள் அதே தாளின் வலது பக்கத்தில் அச்சாகி இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்லை மாற்றி எழுதிவிட்டால் கருத்துக்கான மதிப்பெண் கிடைத்துவிடும். சூழலை எங்கிருந்தும் பார்த்து எழுத முடியாது.

‘மடியில் கனமிருந்தால் வழியில் பயம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கனமான பையை மடியில் வைத்துக்கொண்டு போனால் பயணம் கஷ்டமாக இருக்கும்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், கோடு சரியாக இருந்தாலும் விளக்கத்துக்குப் பூஜ்யம். இன்னொரு பிள்ளை ‘பரிச்சையில பிட்டு வச்சிருந்தா டீச்சர் பக்கத்துல வரும்போது பயமா இருக்கும்’ என்று எழுதுகிறது. பேச்சுவழக்கில் இருக்கிறது, ‘பரீட்சை’ தப்பாக இருக்கிறது. ஆனாலும் முழு இரண்டு மதிப்பெண். மறைக்க ஏதோ இருக்கிறது, அதனால் பயம் என்ற கருத்தும் அதில் இருக்கிறது, சூழலும் இருக்கிறது. இந்தப் போட்டியில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். பிழையைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அடுத்து, விளக்கத்தில் நீங்கள் அடிக்கடி பார்க்கப் போவது அறிவுரை. எந்தப் பழமொழியைக் கொடுத்தாலும் ‘எனவே நாம் நன்றாகப் படிக்க வேண்டும், நல்ல பழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும்’ என்று முடிப்பார்கள். பழமொழி எல்லாமே அறிவுரை என்று நாம்தான் வகுப்பில் பழக்கிவிட்டோம். பாதிக்குப் பாதி பழமொழிகள் குத்திக்காட்டுவதற்காகப் பிறந்தவை. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பதற்கு ஒரு மாணவன், ‘ஆடுவதற்கு முன்னால் கூடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியிருந்தான். எவ்வளவு பொறுப்பான பிள்ளை பாருங்கள். ஆனால் பழமொழி யாரைக் கேலி செய்கிறதோ அவள் பக்கமே போய் நின்றுவிட்டான். இப்படி எழுதினால் மதிப்பெண் கிடையாது. ஆனால் இதை நீங்கள் குறித்து வைத்து வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். அந்த ‘என்றாளாம்’ கேலி என்பதை யாராவது வாயால் சொல்லிக் காட்டினால்தான் பிள்ளைக்குப் பிடிபடும். ‘அவுட் ஆனவன் பேட் சரியில்லைன்னு சொல்ற மாதிரி’ என்று எழுதுகிற பிள்ளைக்குத் தயங்காமல் இரண்டும் போடுங்கள்.

நீங்கள் கேட்ட நிலைமைக்கு ஒரு முழு உதாரணம் சொல்கிறேன். தாளில் ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’, ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ இரண்டும் இருக்கின்றன. இரண்டும் சின்ன வயதைப் பற்றியவை. ஆனால் முதலாவது, அந்த வயதில் கற்காததைப் பிறகு கற்பது கடினம் என்கிறது. இரண்டாவது, அந்த வயதில் ஒட்டியது போகவே போகாது என்கிறது. ஒரு மாணவி கோட்டை மாற்றிப் போட்டுவிட்டாள். ஆனால் முதலாவதற்கு ‘தாத்தா இப்போது நீச்சல் கற்றுக்கொள்ளப் போனார், உடம்பு வளையவில்லை, சின்ன வயதிலேயே கற்றிருக்க வேண்டும் என்று சொன்னார்’ என்கிறாள். இரண்டாவதற்கு ‘என் அத்தை சின்னப் பிள்ளையில் நகம் கடிப்பாராம், இப்போதும் கடிக்கிறார், விட முடியவில்லை’ என்கிறாள். இவளுக்குப் பொருத்தியதில் பூஜ்யம், விளக்கத்தில் நான்கு. இன்னொரு மாணவன் கோடு இரண்டையும் சரியாகப் போட்டு, இரண்டுக்கும் ‘சிறு வயதில் நல்ல பழக்கம் வேண்டும்’ என்று ஒரே வரியை எழுதியிருக்கிறான். கோட்டுக்கு இரண்டு, விளக்கத்துக்கு நான் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் போடுவேன். மூன்று. அவள் முன்னால் போகிறாள், போகத்தான் வேண்டும். கோட்டில் போன மதிப்பெண்ணை அவளுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள், மற்ற பிள்ளைகளுக்கு அது அநியாயம்.

இப்போது சிக்கலான இடம். பிள்ளைகள் வாட்ஸப்பில் வருகிற ‘உண்மையான அர்த்தம்’ எல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதற்கு, அது குதிரை இல்லை, குதிர், அதாவது ஆற்று நடுவில் இருக்கும் மண்மேடு என்று எழுதுவார்கள். எப்படி எடுத்தாலும் ‘உறுதியில்லாததை நம்பாதே’ என்ற கருத்தில்தான் வந்து நிற்கிறது. சூழல் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போங்கள். ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ அப்படியில்லை. சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை வரும் என்று எழுதினால் கருத்தே வேறாகிவிடுகிறது. நம் வீடுகளில் இந்தப் பழமொழியைச் சொல்கிறவர்கள், உள்ளே இருப்பதுதானே வெளியே வரும் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். வழக்கில் இருக்கும் பொருளுக்குத்தான் மதிப்பெண் என்று தாளின் தலைப்பிலேயே ஒரு வரி அச்சிட்டுவிட்டால் இந்த வாக்குவாதம் வராது.

ஆனால் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கும், அதை நீங்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்பதற்கு விடைக் குறிப்பில் ‘ஒரு திருடனின் வழி இன்னொரு திருடனுக்குத் தெரியும்’ என்று இருக்கும். ஒரு மாணவி ‘நன்றாக வீணை வாசிக்கிறவருக்குத்தான் இன்னொருவர் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்பது புரியும், நமக்குச் சத்தம்தான் கேட்கும்’ என்று எழுதினாள். குறிப்போடு ஒப்பிட்டால் தப்பு. ஆனால் பழமொழி நானூற்றைப் பாருங்கள். முன்றுறை அரையனார் ‘பாம்பறியும் பாம்பின கால்’ என்று முடிக்கும் வெண்பாவில், அறிவு மிக்கவரின் அறிவு அறிவு மிக்கவருக்கே புலப்படும், பொதுமக்களுக்குப் புலப்படாது என்றுதான் சொல்கிறார். அந்தப் பிள்ளை அந்த வெண்பாவைப் படித்திருக்க வாய்ப்பில்லை, தானாக யோசித்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். முழு மதிப்பெண் போட்டேன், கூட இருந்த நடுவரும் வெண்பாவைப் படித்துக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். குறிப்பில் இல்லாத விளக்கம் வந்தால் உடனே அடித்துவிடாமல் தனியாக எடுத்து வைத்து, கடைசியில் இரண்டு பேராகப் படியுங்கள்.

திருத்தும் முறையில் ஒரே ஒரு விஷயம். ஒரு பிள்ளையின் தாளை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாத் தாள்களிலும் முதல் பழமொழி, அப்புறம் எல்லாவற்றிலும் இரண்டாவது என்று போங்கள். அழகான கையெழுத்து கண்ணை ஏமாற்றுவது இதனால் நன்றாகக் குறையும். ஒரே விளக்கம் நான்கு தாளில் வந்திருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும். போட்டியைப் பள்ளியிலேயே நடத்தச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் ‘மானுட வாழ்வின் விழுமியங்களை’ என்று அப்பாவின் நடை வந்துவிடும், பிறகு யாருக்கு மதிப்பெண் போடுகிறோம் என்றே தெரியாது.

முதல் பரிசுக்கு இரண்டு பேர் சமமாக வந்தால் சீட்டுக் குலுக்க வேண்டாம். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, தாளில் இல்லாத ஒரு பழமொழிக்கான சூழலை மட்டும் சொல்லுங்கள். ‘வகுப்பு நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த மாணவனே புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான், இதற்கு என்ன பழமொழி சொல்வாய்?’ என்று கேட்டால், ‘வேலியே பயிரை மேய்ந்தது போல’ என்று எந்தப் பிள்ளை சொல்கிறதோ அதற்குக் கொடுங்கள். இரண்டு பேரும் சொல்லிவிட்டால் பரிசைப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லி மன்றத்தாரிடம் நீங்களே கேளுங்கள்.