விபிஎஃப்பை நிறுத்தினால் வட்டிக்கான வரி நின்றுவிடுமா?

கேள்வி: "எனக்கு பி.எஃப்., நானாக விரும்பிச் செலுத்தும் விபிஎஃப் இரண்டும் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் பிடிக்கிறார்கள். வருடம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் வட்டிக்கு வரி என்கிறார்கள். இதுவரை சேர்ந்த மொத்தப் பணத்தின் வட்டிக்கும் வரி வருமா? அடுத்த வருடம் விபிஎஃப்பை நிறுத்திவிட்டால் வரியும் நின்றுவிடுமா?"

இரண்டு கேள்விகளுக்கும் விடை 'இல்லை' என்பதுதான். முதல் 'இல்லை' உங்களுக்கு நிம்மதி தரும். இரண்டாவது நீங்கள் எதிர்பாராததாக இருக்கலாம். மணலியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது அதைத்தான்.

2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இந்த விதியைக் கொண்டுவந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் ஊழியர் தம் பங்காகச் செலுத்தும் தொகை 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வரும் வட்டி அவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதமும் நீங்களாக விரும்பிச் செலுத்தும் விபிஎஃப்பும் சேர்ந்ததுதான் ஊழியர் பங்கு. நிறுவனம் தன் பங்காகச் செலுத்துவது இந்த 2.5 லட்சக் கணக்கில் வராது. அதற்கு வேறொரு விதியும் வேறொரு வரம்பும் உண்டு. நிறுவனத்தின் பங்களிப்பே இல்லாத அரசு ஊழியர்களின் ஜி.பி.எஃப். போன்ற நிதிகளுக்கு வரம்பு 5 லட்சம்.

இதை எப்படிக் கணக்கிடுவது என்பதை 2021 ஆகஸ்ட் இறுதியில் வந்த 9டி விதி சொன்னது. அதன்படி உங்கள் பி.எஃப். கணக்குக்குள்ளேயே இரண்டு உட்கணக்குகள் இருக்கும். 2021 மார்ச் 31 அன்று இருந்த மொத்த இருப்பும், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் வரம்புக்குள் செலுத்தியதும், அவற்றின் வட்டியும் வரியில்லாக் கணக்கில் இருக்கும். வரம்பைத் தாண்டிச் செலுத்தியதும் அதற்கு வந்த வட்டியும் வரிக்கணக்கில் சேரும். ஆகவே பல ஆண்டுகளாகச் சேர்ந்த உங்கள் பழைய பணத்தை இந்த விதி தொடவில்லை.

இப்போது உங்கள் தொகையையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023-24, 2024-25 ஆகிய ஆண்டுகளில் வட்டி 8.25 சதவீதம், எளிமைக்காக எல்லா ஆண்டுக்கும் அதையே எடுத்துக்கொள்கிறேன். மாதம் 30,000 என்றால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதங்களில் 2,40,000 சேர்ந்துவிடும். டிசம்பர் மாதத் தொகையில் 10,000 ரூபாய் வரம்புக்குள் அடங்கும். மீதி 20,000 வரிக்கணக்குக்குப் போகும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் 30,000 முழுவதும் அங்கேதான் போகும். ஆக, ஆண்டுக்கு 1,10,000 ரூபாய் வரிக்கணக்கில் சேர்கிறது. ஒரு மாதம் செலுத்திய தொகைக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி என்பதால், முதல் ஆண்டில் வரிக்குரிய வட்டி ஏறத்தாழ 1,031 ரூபாய் மட்டுமே. 'இவ்வளவுதானா' என்று தோன்றும்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது வரிக்கணக்கில் 1,11,031 ரூபாய் இருக்கிறது. அது ஆண்டு முழுவதும் வட்டி ஈட்டும். அதன்மேல் அவ்வாண்டின் புதிய 1,10,000 ரூபாய்க்கும் வட்டி வரும். இரண்டும் சேர்ந்து 10,191 ரூபாய். மூன்றாம் ஆண்டில் இதே தொகை 20,107 ரூபாயாகும். அந்த ஆண்டு முடிவில் வரிக்கணக்கின் இருப்பு சுமார் 3,61,300 ரூபாய்.

நான்காம் ஆண்டில் நீங்கள் விபிஎஃப்பை நிறுத்திவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் வரம்பைத் தாண்டி ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை. ஆனாலும் அந்த 3,61,300 ரூபாய் வரிக்கணக்கிலேயே இருக்கிறது. அதற்கு வரும் 29,800 ரூபாய் வட்டிக்கு வரி உண்டு. ஐந்தாம் ஆண்டில் அந்த வட்டிக்கும் வட்டி சேர்ந்து இன்னும் கூடும். வரம்பைத் தாண்டிச் சென்ற பணம் மறு ஆண்டு வரியில்லாக் கணக்குக்குத் திரும்பி வருவதில்லை. அதை எடுக்கும் வரை அங்கேயே வளரும். விபிஎஃப்பை நிறுத்தினால் வரிக்கணக்குக்குள் புதிய பணம் போவது நிற்குமே தவிர, வரி நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வரியைச் செலுத்த வேண்டியது பணத்தை எடுக்கும்போது அல்ல, ஒவ்வோர் ஆண்டும். கையில் வராத வட்டிக்கு, கையில் இருக்கும் சம்பளத்திலிருந்து வரி கட்ட வேண்டும். 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் போனால், வரிக்கணக்குப் பணத்தின் உண்மையான வட்டி 5.68 சதவீதத்துக்கு வந்துவிடும். 20 சதவீத ஸ்லாப் என்றால் 6.53 சதவீதம். வரம்புக்குள் இருக்கும் பணத்துக்கோ முழு 8.25 சதவீதமும் உங்களுடையது.

திருவொற்றியூரில் இருக்கும் என் மைத்துனருக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஆண்டு வட்டி சிறியதாக இருந்ததால் டி.டி.எஸ். எதுவும் பிடிக்கப்படவில்லை. 'பிடிக்கவில்லையென்றால் வரி இல்லை' என்று அவர் முடிவு செய்துவிட்டார். அது தவறு. டி.டி.எஸ். பிடிப்பதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கிறது. வரிக்கு அப்படி இல்லை. அடுத்த ஆண்டும் அந்த வட்டியைக் காட்டாமலே கணக்குத் தாக்கல் செய்தார். பி.எஃப். வட்டி நிதியாண்டு முடிந்து சில மாதங்கள் கழித்தே வரவு வைக்கப்படுவதால், அப்போது பாஸ்புக்கில் வட்டியே ஏறவில்லை. பிறகு ஒருநாள் வருமான வரித் தளத்தில் ஆண்டு வருமானத் தகவல்களைக் காட்டும் AIS பக்கத்தைத் திறந்தபோதுதான் வட்டியும் அதிலிருந்து பிடித்த 10 சதவீதமும் அவர் கண்ணில் பட்டன. நல்லவேளையாக டிசம்பர் 31க்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்துவிட்டோம். வட்டி 'பிற வழி வருமானம்' என்ற தலைப்பில் வரும். பிடித்த 10 சதவீதம் முன்பணம் மட்டுமே, மீதியை ஸ்லாபின்படி நாமே கட்ட வேண்டும். பான் எண் இணைக்கப்படாதிருந்தால் பிடித்தம் 20 சதவீதமாகும். அதை உடனே சரிபாருங்கள்.

ஒரே ஆண்டில் வேலை மாறியவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். 2.5 லட்சம் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக அல்ல, உங்கள் ஒருவருக்குத்தான். சொந்த பி.எஃப். அறக்கட்டளை நடத்தும் நிறுவனத்திலிருந்து வேறோர் இடத்துக்குப் போனால், பழைய இடத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது புதிய இடத்தின் கணக்கில் தானாக ஏறும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இரண்டையும் நீங்களே கூட்டிப் பாருங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், சம்பளப் பிரிவில் கேட்டு, பி.எஃப்.பும் விபிஎஃப்பும் சேர்த்து மாதம் 20,833 ரூபாய்க்கு மிகாதபடி விபிஎஃப்பைக் குறைப்பேன்; முழுவதுமாக நிறுத்த மாட்டேன். உங்கள் கட்டாயப் பிடித்தம் 12,000 ரூபாய் என்றால், விபிஎஃப்பாக 8,800 ரூபாய் வரை முழு வரிவிலக்கோடு செலுத்த முடியும். பல நிறுவனங்கள் இந்த மாற்றத்தை நிதியாண்டுத் தொடக்கத்தில் மட்டுமே ஏற்கும் என்பதால், மார்ச் மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆண்டு நடுவில் சம்பள உயர்வும் நிலுவைத் தொகையும் வந்தால் 12 சதவீதப் பிடித்தமும் தானாகக் கூடும். அதற்காக மாதம் ஆயிரம் ரூபாயாவது இடைவெளி விட்டு வையுங்கள்.