ரூபாய் இறங்கிய பின்பும் பற்றாக்குறை ஏன் கூடுகிறது?

கேள்வி: திருகோணமலையில் படகுகளிடம் நண்டு வாங்கிக் கொழும்பிலுள்ள ஏற்றுமதிக்காரருக்குக் கொடுக்கிறேன். ரூபாய் இறங்கினால் ஏற்றுமதிக்கு நல்லது என்கிறார்கள். பிறகு ஏன் வர்த்தகப் பற்றாக்குறை கூடியதாகச் செய்தி வருகிறது? எனக்கு எப்போது நல்ல விலை கிடைக்கும்?

பதில்: நாணயத்தின் விலை ஒரே நாளில் மாறிவிடும், நாடு வாங்குகிற, விற்கிற அளவு மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பற்றாக்குறை கூடுவது இந்த இடைவெளியில்தான்.

ஒரு டொலர் 300 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். நாடு 100 டொலருக்கு ஏற்றுமதி செய்து, 150 டொலருக்கு இறக்குமதி செய்கிறது. கோதுமைக்கும் டீசலுக்கும் முன்பே கொள்வனவுக் கட்டளை கொடுத்தாயிற்று. நண்டும் நேற்று விற்ற அளவுதான். எனவே பற்றாக்குறை 50 டொலராகவே இருக்க, ரூபாய்க் கணக்கில் மட்டும் அது 15,000இலிருந்து 18,000 ஆகிறது. ஏற்றுமதி ஒப்பந்தம் ரூபாயில் எழுதப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அந்த 30,000 ரூபாய் இப்போது 83 டொலர்தான், ஆகவே பற்றாக்குறை டொலரிலேயே 67 ஆகிவிடும்.

சில மாதங்களில் விலையேற்றத்தால் இறக்குமதி 135 டொலராகக் குறைந்து, ஏற்றுமதி 110 டொலராக உயர்ந்தால், பற்றாக்குறை 25 டொலர், அதாவது 9,000 ரூபாய். ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்து வரும் வர்த்தக நிலுவை முதலில் சரிந்து பிறகு முன்னைய நிலைக்கும் மேலே ஏறும் இந்தப் போக்கு, வரைபடத்தில் ஆங்கில 'ஜே' எழுத்தைப்போல் தோன்றுவதால், அதற்கு ஜே வளைகோடு என்று பெயர்.

ஆனால் வளைகோடு தானாக மேலே திரும்பாது; ஏற்றுமதியும் இறக்குமதியும் விலை மாற்றத்துக்குப் போதிய அளவு அசைய வேண்டும். எரிபொருளும் மருந்தும் விலை ஏறினாலும் வாங்கியே ஆகவேண்டியவை. கொட்டியாரக் குடாவில் நண்டு, டொலர் ஏறியதற்காகப் பெருகுவதும் இல்லை.

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2021இல் சுமார் 810 கோடி டொலராக இருந்த பற்றாக்குறை 2022இல் சுமார் 520 கோடிக்கு இறங்கியது. இதை ஜே வளைகோட்டின் வெற்றியாக நான் எண்ணவில்லை. வங்கிகளில் டொலர் இல்லாததும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளுமே அதில் பெரும்பங்கு வகித்தன. மெய்யான திருப்பத்தை அறிய, மத்திய வங்கி மாதந்தோறும் வெளியிடும் வெளிநாட்டுத் துறை அறிக்கையில் பெறுமதியை விட்டு, ஏற்றுமதியான பொருட்களின் அளவைக் காட்டும் ஏற்றுமதிக் கனவளவுச் சுட்டெண்ணைப் பாருங்கள். பல மாதங்கள் தொடர்ந்து அது உயர்ந்தால் திருப்பம் உண்மையானது.

இனி உங்கள் விலை. கிலோவுக்கு 6 டொலர் பெறும் ஏற்றுமதிக்காரருக்கு முன்பு 1,800 ரூபாய் வந்தது. இப்போது 2,160 வருகிறது. உங்களோடு அவர் பேசிய விலை ரூபாயில் நிலையாக இருந்தால், அந்த 360 ரூபாய் முழுவதும் அவரிடமே தங்கும். படகுக்காரரின் எரிபொருள், வலை, இயந்திர உதிரிப்பாகம் ஆகியவற்றின் விலையோ உடனே ஏறிவிடும். அவர் உங்களிடம் கூடுதல் கேட்பார். எனவே கிலோ விலையை வங்கி டொலரை வாங்கும் அன்றைய வீதத்தோடு இணைத்து, எந்த வங்கியின் எந்த நாள் வீதம் என்பதையும் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ரூபாய் ஏறும் காலத்தில் அதே விதிப்படி உங்கள் விலை இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.